செவ்வகத்தை வெட்டிச் சதுரமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு செவ்வகத் தாளைச் சில துண்டுகளாக வெட்டி, எதையும் மிச்சம் வைக்காமல், ஒன்றின் மேல் ஒன்று படியாமல் அடுக்கிச் சதுரம் செய்யலாம் என்று சொன்னவுடன் ஒரே வகையான ஐயங்கள் எழுகின்றன. அவற்றை இங்கே எளியதிலிருந்து கடினமானது நோக்கித் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்களில் 16 செ.மீ. நீளமும் 9 செ.மீ. உயரமும் உள்ள ஒரே செவ்வகம்தான் வரும். அதை ஒரு தாளில் வரைந்து வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் விளக்கங்கள் எளிதில் பிடிபடும்.

சதுரத்தின் பக்கம் எவ்வளவு வரும் என்று வெட்டுவதற்கு முன்பே எப்படித் தெரியும்?

வெட்டுவதாலும் நகர்த்துவதாலும் பரப்பளவு மாறுவதில்லை. 16 × 9 = 144 என்பதால் சதுரத்தின் பரப்பளவும் 144 சதுர செ.மீ. ஆகத்தான் இருக்க வேண்டும். ஆகவே அதன் பக்கம் 144-இன் வர்க்கமூலமான 12 செ.மீ. பொதுவாகச் சொன்னால், பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கினால் வருவதும் நீளத்தை உயரத்தால் பெருக்கினால் வருவதும் ஒன்றே. இந்த ஒரு சமன்பாடுதான் பின்னால் வரும் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது.

எங்கே வெட்ட வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

நீண்ட பக்கம் கீழே இருக்குமாறு தாளை வையுங்கள். மேல் விளிம்பில், வலது மூலையிலிருந்து இடப்பக்கமாக 12 செ.மீ. அளந்து ஒரு புள்ளி வையுங்கள். அது இடது மூலையிலிருந்து 4 செ.மீ. தள்ளி இருக்கும். அந்தப் புள்ளியையும் கீழ் வலது மூலையையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தச் சாய்கோட்டின் வழியே வெட்டுங்கள். 12, 9, 15 என்ற பக்கங்களைக் கொண்ட பெரிய செங்கோண முக்கோணம் ஒன்று தனியே வரும்.

அடுத்து, கீழ் விளிம்பில் இடது மூலையிலிருந்து 12 செ.மீ. அளந்து புள்ளி வைத்து, அங்கிருந்து சாய்ந்த விளிம்பைத் தொடும்வரை செங்குத்துக்கோடு வரைந்து வெட்டுங்கள். அந்தக் கோட்டின் உயரம் 3 செ.மீ. இருக்கும்; 4, 3, 5 என்ற பக்கங்களைக் கொண்ட சிறிய முக்கோணம் பிரியும். எஞ்சியிருப்பது ஓர் ஐங்கோணம். ஆக மொத்தம் இரண்டே வெட்டு, மூன்றே துண்டு.

அடுக்கும்போது ஐங்கோணத்தைத் தொட வேண்டாம். பெரிய முக்கோணத்தைச் சாய்ந்த விளிம்பின் வழியாகவே, விளிம்பை விட்டு விலகாமல், மேல்நோக்கி வழுக்கிச் செல்ல விடுங்கள். அது 4 செ.மீ. இடப்பக்கமும் 3 செ.மீ. மேற்பக்கமும் நகர்ந்ததும் நிறுத்துங்கள். இப்போது மேல் இடது மூலையில் ஒரு முக்கோண வெற்றிடம் தெரியும். சிறிய முக்கோணத்தை எடுத்துத் திருப்பாமல் அப்படியே அங்கே வைத்தால் 12 செ.மீ. சதுரம் முழுமை பெறும். எந்தத் துண்டையும் சுழற்றவோ புரட்டவோ தேவையில்லை என்பதால், ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணம் பூசிய தாளிலும் இதைச் செய்யலாம்.

இது ஏன் பொருந்துகிறது? 16, 9 என்று வாகான எண்களை எடுத்ததால் வந்த தற்செயல்தானே?

தற்செயல் இல்லை. எண்கள் வாகாக இருப்பதால் கணக்குப் பார்க்க எளிதாகிறது, அவ்வளவே. பெரிய முக்கோணத்தின் கிடைப்பக்கத்தை நாம்தான் சதுரத்தின் பக்கத்துக்குச் சமமாக அளந்து வைத்தோம். அதன் நிமிர்ந்த பக்கம் செவ்வகத்தின் உயரம். சிறிய முக்கோணமும் அதே சாய்கோட்டைக் கர்ணமாகக் கொண்டதால் இரண்டும் வடிவொத்தவை. சிறியதன் கிடைப்பக்கம், நீளத்திலிருந்து சதுரப் பக்கத்தைக் கழித்தது, அதாவது 16 − 12 = 4. ஆகவே அதன் நிமிர்ந்த பக்கம் 4 × 9 ÷ 12 = 3.

செவ்வகத்தைச் சதுரத்தின் உயரத்துக்குக் கொண்டுவரக் குறைவதும் 12 − 9 = 3 தான். இந்த இரண்டு அளவுகளும் எப்போதும் சமமாகவே வரும். காரணத்தைக் குறியீட்டில் எழுதிப் பார்க்கலாம்: நீளம் a, உயரம் b, சதுரப் பக்கம் s என்றால் சிறிய முக்கோணத்தின் உயரம் (a − s) × b ÷ s. விரித்தால் ab ÷ s − b. ab என்பது s² என்று முதல் கேள்வியிலேயே கண்டோம். எனவே அது s − b ஆகிவிடுகிறது. பெரிய முக்கோணம் a − s அளவு இடப்பக்கமும் s − b அளவு மேற்பக்கமும் நகரும்போது சாய்கோட்டை விட்டு விலகாததற்கும், அது விட்டுச்செல்லும் வெற்றிடம் சிறிய முக்கோணத்தின் அளவிலேயே இருப்பதற்கும் இதுவே காரணம்.

பரப்பளவு மாறவில்லை, சரி. ஆனால் சுற்றளவு 50-இலிருந்து 48 ஆகக் குறைந்துவிட்டதே. அந்த 2 செ.மீ. எங்கே போனது?

பரப்பளவைப் போல சுற்றளவு காக்கப்படுவதில்லை. ஆனாலும் அந்த 2 செ.மீ.யைத் துண்டுகளிலேயே தேடிக் கண்டுபிடிக்கலாம், அதைச் செய்து பார்ப்பது நல்லது. சிறிய முக்கோணத்தின் அடிப்பக்கம் 4 செ.மீ. முன்பு செவ்வகத்தின் வெளிவிளிம்பாக இருந்தது. ஐங்கோணத்தின் மேல்விளிம்பு 4 செ.மீ.யும் அப்படியே. சதுரத்தில் இவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மறைந்துவிடுகின்றன. அதில் 8 செ.மீ. குறைகிறது. செங்குத்தாக வெட்டிய 3 செ.மீ. கோட்டின் இரு கரைகளோ வெளியே வந்துவிடுகின்றன: ஒன்று சதுரத்தின் வலது விளிம்பின் கீழ்ப்பகுதி, மற்றொன்று இடது விளிம்பின் மேல்பகுதி. அதில் 6 செ.மீ. கூடுகிறது. 8 போய் 6 வந்ததால் 2 குறைந்தது.

பக்கம் முழு எண்ணாக வராவிட்டால் என்ன செய்வது? 20-க்கு 10 தாளில் 14.142... என்று முடிவில்லாமல் போகிறதே.

அளவுகோலை நம்பாமல் கவராயத்தை நம்புங்கள். ஒரு நேர்கோட்டில் 20 செ.மீ.யும் அதை ஒட்டி 10 செ.மீ.யும் வைத்து, மொத்தம் 30 செ.மீ.யை விட்டமாகக் கொண்டு அரைவட்டம் வரையுங்கள். இரண்டு துண்டுக் கோடுகளும் சந்திக்கும் இடத்திலிருந்து அரைவட்டத்தைத் தொடும்வரை எழுப்பும் செங்குத்துக்கோட்டின் நீளமே சதுரத்தின் பக்கம். யூக்ளிடின் 'மூலங்கள்' நூலின் இரண்டாம் புத்தகத்தில் 14-ஆம் கூற்று இந்த வரைமுறையைத்தான் பயன்படுத்துகிறது.

அந்த நீளத்தைக் கவராயத்தில் எடுத்துக்கொண்டால் பிறகு எந்த எண்ணும் தேவைப்படாது. மேல்விளிம்பில் வலது மூலையிலிருந்து ஒருமுறை, கீழ்விளிம்பில் இடது மூலையிலிருந்து ஒருமுறை வைக்க வேண்டியதுதான். கழித்தல் கணக்குகளைத் தாளே செய்துகொள்கிறது. வெட்டிய பின் சரிபார்க்க விரும்பினால், இந்தத் தாளின் சிறிய முக்கோணம் ஏறத்தாழ 5.86 செ.மீ. அடியும் 4.14 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும்.

சுல்ப சூத்திரத்திலும் செவ்வகத்தைச் சதுரமாக்கும் முறை இருக்கிறதாமே, அதுவும் இதுவும் ஒன்றா?

நோக்கம் ஒன்று, வழி வேறு. சுல்ப சூத்திரங்கள் வேள்வி மேடைகளைக் கயிற்றால் அளந்து அமைக்கும் விதிகளைச் சொல்லும் பழைய வடமொழி நூல்கள். பௌதாயன சுல்ப சூத்திரம் செவ்வகத்தின் ஒரு பகுதியைச் சதுரமாக விட்டுவிட்டு, எஞ்சிய பகுதியை இரண்டாகப் பிளந்து, அந்தச் சதுரத்தின் இரு பக்கங்களில் ஒட்டச் சொல்கிறது. நம் எடுத்துக்காட்டில் 9-க்கு 9 சதுரமும், 3.5-க்கு 9 அளவில் இரண்டு பட்டைகளும் கிடைக்கும். ஒட்டினால் 12.5 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரும். ஆனால் ஒரு மூலையில் 3.5 செ.மீ. சதுரம் குறைந்திருக்கும். பெரிய சதுரத்திலிருந்து சிறிய சதுரத்தைக் கழித்தால் கிடைக்கும் சதுரம் எது என்பதைச் செங்கோண முக்கோணத்தின் வழியாக அடுத்துக் காண்கிறார்கள். 12.5 கர்ணம், 3.5 ஒரு பக்கம் என்றால் மற்றொரு பக்கம் 12.

ஆகவே இது சதுரத்தின் பக்கத்தைக் கண்டறியும் வரைமுறை. துண்டுகளை அடுக்கிச் சதுரத்தை முடித்துத் தரும் முறை அன்று. அரைவட்டத்துக்குப் பதிலாக இதைக் கொண்டு பக்கத்தைக் கண்டுபிடித்து, பிறகு மேலே சொன்னபடி வெட்டலாம். கயிற்றை வைத்து நிலத்தில் அளப்பவருக்கு இதுதான் வசதி என்பது என் கருத்து.

நீண்ட பட்டையாக இருக்கும் செவ்வகத்தில் செங்குத்துக்கோடு சாய்கோட்டைத் தொடவே இல்லையே. எங்கே தவறு?

தவறு உங்களுடையது அன்று. முறைக்கே ஓர் எல்லை உண்டு. மேல்விளிம்பில் வைக்கும் புள்ளி, கீழிருந்து எழுப்பும் செங்குத்துக்கோட்டுக்கு இடப்பக்கத்தில் விழ வேண்டும். அதற்கு நீளம் சதுரப் பக்கத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. அதாவது, நீளம் உயரத்தைப் போல நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும். 25-க்கு 4 தாளை எடுத்தால் பக்கம் 10 செ.மீ. மேல்புள்ளி இடது மூலையிலிருந்து 15 செ.மீ. தள்ளி விழுகிறது. 10 செ.மீ.யில் எழும் செங்குத்துக்கோடு சாய்கோட்டை அடையும் முன்பே தாளின் மேல்விளிம்பில் முடிந்துவிடுகிறது.

தீர்வு எளிது. முதலில் 10-க்கு 4 அளவில் ஒரு பட்டையை நறுக்கித் தனியே வையுங்கள். மீதி 15-க்கு 4. அதைச் சதுரமாக்க வேண்டாம். 10-க்கு 6 செவ்வகமாக்கினால் போதும், பட்டையை அதன் மேல் வைத்ததும் 10-க்கு 10 ஆகிவிடும். ஒரு செவ்வகத்தை அதே பரப்பளவுள்ள வேறு செவ்வகமாக்கவும் அதே இரண்டு வெட்டுகள்தாம்: மேல்விளிம்பில் வலது மூலையிலிருந்து 10, கீழ்விளிம்பில் இடது மூலையிலிருந்து 10. சிறிய முக்கோணம் 5 அடியும் 2 உயரமும் கொண்டிருக்கும். பெரியது 5 இடமாகவும் 2 மேலாகவும் வழுக்கும். பட்டையோடு சேர்த்து நான்கு துண்டுகள்.

பட்டை இன்னும் நீளமானால் இன்னும் சில பட்டைகளை நறுக்க வேண்டியிருக்கும். நீளம் உயரத்தைப் போல 4 மடங்குவரை மூன்று துண்டு, 9 மடங்குவரை நான்கு, 16 மடங்குவரை ஐந்து என்று இந்த முறை போகும்.

மூன்று துண்டு எதற்கு? இரண்டே துண்டில் முடியாதா?

சில செவ்வகங்களுக்கு முடியும், 16-க்கு 9 அவற்றில் ஒன்று. சாய்கோட்டுக்குப் பதிலாகப் படிக்கட்டு வடிவில் வெட்டுங்கள். மேல்விளிம்பில் இடது மூலையிலிருந்து 4 செ.மீ. தள்ளித் தொடங்கி 3 செ.மீ. கீழே, 4 செ.மீ. வலப்பக்கம், 3 கீழே, 4 வலப்பக்கம், 3 கீழே என்று போனால் கீழ்விளிம்பை 12 செ.மீ. இடத்தில் அடைவீர்கள். வலப்பக்கத் துண்டை ஒரு படி மேலேற்றினால், அதாவது 4 இடமும் 3 மேலும் நகர்த்தினால், 12 செ.மீ. சதுரம் தயார்.

இதற்கு நீளம் ஒரு முழு எண்ணிக்கைப் படிகளாகவும், உயரம் அதைவிட ஒன்று குறைந்த படிகளாகவும் பிரிய வேண்டும். அதனால் நீளமும் உயரமும் 4:1, 9:4, 16:9, 25:16 என அடுத்தடுத்த வர்க்க எண்களின் விகிதத்தில் இருந்தால்தான் படிக்கட்டு சதுரத்தைத் தரும். 4:1 என்பது வெறுமனே நடுவில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுதான். முந்தைய பதிலில் வந்த 15-க்கு 4 துண்டையும் படிக்கட்டால் 10-க்கு 6 ஆக்க முடியும். அப்போது 25-க்கு 4 தாளுக்கு மூன்று துண்டே போதும். சாய்கோட்டு முறைக்கு இப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை என்பதே அதன் சிறப்பு.

எல்லாம் இடைவெளி இல்லாமல் பொருந்திவிட்டது. ஆனால் வந்தது சதுரமாகத் தெரியவில்லை. எப்படி?

இதுதான் பலரையும் ஏமாற்றும் இடம். சதுரப் பக்கத்தைத் தவறாக அளந்திருந்தாலும், இரண்டு விளிம்புகளிலும் ஒரே அளவைப் பயன்படுத்தியிருந்தால் துண்டுகள் துல்லியமாகவே பொருந்தும். 12-க்குப் பதில் 12.5 செ.மீ. வைத்து வெட்டினால் இடைவெளியே இல்லாமல் 12.5-க்கு 11.52 செவ்வகம் வரும். முந்தைய பதில்களில் 15-க்கு 4 தாள் 10-க்கு 6 ஆனதும் இதே பண்பினால்தான். மூலைவிட்டங்களை அளந்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் செவ்வகத்திலும் அவை சமம். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களை ஒப்பிட வேண்டும்.

மற்றத் தவறுகள் வேறு விதமாகத் தெரியும். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் வைத்த அளவுகள் வேறுபட்டால் பக்கவாட்டில் ஒரு சிறு பிதுக்கம் நிற்கும். சாய்கோட்டின் ஒரு முனையில் தொட்டு மறுமுனையில் திறக்கும் இடைவெளி இருந்தால் வெட்டு நேராக இல்லை என்று பொருள். செவ்வகம் ஏற்கெனவே சதுரத்துக்கு மிக நெருக்கமாக இருந்தால் சிறிய முக்கோணம் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்: 101-க்கு 100 மி.மீ. தாளில் அதன் பக்கங்கள் அரை மில்லிமீட்டர்தான். கணக்கு அப்போதும் சரியே, கத்தரிக்கோலுக்குத்தான் இயலாது.

8-க்கு 8 சதுரத்தை வெட்டி 13-க்கு 5 செவ்வகம் செய்து காட்டுகிறார்களே. 64 எப்படி 65 ஆனது?

ஆகவில்லை. அந்தப் புதிரில் சதுரத்தை இரண்டு முக்கோணங்களாகவும் இரண்டு சரிவகங்களாகவும் வெட்டிச் செவ்வகமாக அடுக்குகிறார்கள். அங்கே சாய்ந்த விளிம்புகள் ஒரே சாய்வில் இல்லை. முக்கோணத்தின் சாய்வு 8-க்கு 3, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்வு 5-க்கு 2, அதாவது 0.4. இரண்டும் சேர்ந்து ஒரே நேர்கோடுபோலத் தெரிந்தாலும், மூலைவிட்டத்தின் நெடுகிலும் மெல்லிய இணைகர வடிவ இடைவெளி ஒன்று திறந்திருக்கிறது. அதன் பரப்பளவு சரியாக 1. கோடு தடிப்பாக இருந்தால் கண்ணுக்குப் படாது.

உண்மையில் 13-க்கு 5 செவ்வகத்துக்குச் சமமான சதுரத்தின் பக்கம் 65-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 8.06. நமது முறையில் சாய்வுகள் சமம் என்பது மூன்றாம் பதிலில் நிறுவப்பட்டது. இங்கே அவை ஏறத்தாழச் சமம் மட்டுமே. எந்த வெட்டுப் புதிரைப் பார்த்தாலும் முதலில் சாய்வுகளை வகுத்துப் பாருங்கள்.

சாய்வாக வெட்டாமல், பக்கங்களுக்கு இணையாக மட்டும் வெட்டி, எவ்வளவு துண்டுகளானாலும் பரவாயில்லை என்றால் எல்லாச் செவ்வகத்தையும் சதுரமாக்கலாமா?

முடியாது. நீளத்துக்கும் சதுரப் பக்கத்துக்கும் உள்ள விகிதம் ஒரு பின்னமாக இருந்தால் முடியும், ஏனெனில் இரண்டையும் ஒரே அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரித்துவிடலாம். 16-க்கு 9 அந்த வகை. ஆனால் 2-க்கு 1 செவ்வகத்தின் சதுரப் பக்கம் √2. துண்டுகளை நகர்த்தலாம், கால்வட்டம் திருப்பலாம், ஆனால் சாய்த்து வைக்கக் கூடாது என்றால், ஆயிரம் துண்டுகளாக்கினாலும் அந்தச் சதுரம் கிடைக்காது.

காரணம் அழகானது. ஒவ்வொரு நீளத்துக்கும் உண்மையான அளவோடு இன்னோர் எண்ணையும் வழங்குவோம். அதை 'நிழல் நீளம்' என்று வைத்துக்கொள்வோம். விதி ஒன்றுதான்: இரண்டு நீளங்களைக் கூட்டினால் அவற்றின் நிழல் நீளங்களும் கூட வேண்டும். 1-இன் நிழல் 1, √2-இன் நிழல் 0 என்று வைக்கலாம். √2 விகிதமுறா எண் என்பதால் இதில் முரண்பாடு எழாது, வெட்டுகளில் வரும் மற்ற நீளங்களுக்கும் இதற்கு இசைவாக நிழல் கொடுக்க முடியும். ஒரு செவ்வகத் துண்டின் இரு பக்கங்களின் நிழல்களைப் பெருக்கினால் வருவதை அதன் நிழல் பரப்பளவு என்போம்.

பக்கங்களுக்கு இணையாக வெட்டிய துண்டு எந்த வடிவில் இருந்தாலும் அதைச் செவ்வகங்களாகப் பிரித்துவிடலாம். கூட்டல் விதியினால், துண்டுகளின் நிழல் பரப்பளவுகளின் கூட்டுத்தொகை முழுவதன் நிழல் பரப்பளவுக்குச் சமமாகவே இருக்கும். நகர்த்தினாலும் கால்வட்டம் திருப்பினாலும் அது மாறாது. ஆனால் 2-க்கு 1 செவ்வகத்தின் நிழல் பரப்பளவு 2 × 1 = 2; சதுரத்தினதோ 0 × 0 = 0. ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழியில்லை. செவ்வகங்களைச் சதுரங்களால் நிரப்புவது பற்றிக் கணிதவியலாளர் மாக்ஸ் டேன் 1903-இல் நிறுவிய தேற்றம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது: பக்கங்களின் விகிதம் பின்னமாக இல்லாத செவ்வகத்தை எண்ணிக்கைக்குட்பட்ட சதுரங்களாக ஒருபோதும் பிரிக்க முடியாது. சாய்கோட்டில் வெட்டிய முக்கோணத்தை எண்ணிக்கைக்குட்பட்ட செவ்வகங்களாகப் பிரிக்க இயலாது. ஆகவே இந்தத் தடை அதைக் கட்டுப்படுத்துவதில்லை. அதனால்தான் 2-க்கு 1 செவ்வகம் மூன்றே துண்டில் சதுரமாகிறது.